கண்ணீரா, கணக்கா? ஒரு நன்கொடைப் பக்கத்தின் இரண்டு வரைவுகள்

திருச்சியில் ஒரு சிறிய முதியோர் இல்லம் என்று வைத்துக்கொள்வோம். 45 பேர் தங்கியிருக்கிறார்கள். அறக்கட்டளையாகப் பதிவானது, 80ஜி சான்று பெற்றது. பிறந்த நாளிலும் நினைவு நாளிலும் வெளியாட்கள் ஒரு நாள் மதிய உணவுச் செலவை ஏற்பது அங்கே வழக்கம். தலைக்கு 80 ரூபாய், ஒரு பந்திக்கு 3,600 ரூபாய். இதற்கான நன்கொடைப் பக்கத்துக்கு ஒரு தலைப்பும் இரண்டு வரி விவரிப்பும் வேண்டும். கூகுள் தேடலிலும் வாட்ஸாப் முன்னோட்டத்திலும் அந்நியர் கண்ணில் முதலில் படுவது இவ்வளவுதான். பக்கத்தைத் திறப்பதா, கடந்துபோவதா என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது.

இல்லமும் தொகையும் எடுத்துக்காட்டுக்காக எடுத்துக்கொண்டவை. ஆனால் கீழே உள்ள இரண்டு வரைவுகளின் சாயலை நன்கொடை கேட்கும் பக்கங்கள் பலவற்றில் பார்க்கலாம்.

முதல் வரைவு:

தலைப்பு: உதவுங்கள்! கண்ணீரில் தவிக்கும் உள்ளங்களுக்கு உங்கள் கரம் தேவை
விவரிப்பு: பெற்ற பிள்ளைகளால் கைவிடப்பட்ட இந்த முதியவர்களின் கண்ணீரைத் துடைக்க நீங்கள் ஒருவர் போதும். உங்கள் ஒவ்வொரு ரூபாயும் ஓர் உயிரைக் காக்கும். 100% வரி விலக்கு. இன்றே வழங்குங்கள்.

இரண்டாம் வரைவு:

தலைப்பு: திருச்சி முதியோர் இல்லத்தில் ஒரு நாள் மதிய உணவு ₹3,600 | இல்லத்தின் பெயர்
விவரிப்பு: பிறந்த நாள், நினைவு நாளில் 45 முதியோருக்கு மதிய உணவு. ₹3,600 அல்லது அதில் ஒரு பகுதி. 80G ரசீது உண்டு. நேரில் வந்து பரிமாறலாம்.

முதலாவது உருக்கமானது, இரண்டாவது வறட்சியானது என்று தோன்றும். உருக்கம் பணம் கொண்டுவரும், தகவல் தேடலில் கொண்டுபோய்ச் சேர்க்கும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால் மற்றதை இழக்க வேண்டும் என்பது பரவலான எண்ணம். இரண்டையும் வரிக்கு வரி வைத்துப் பார்த்தால் கணக்கு வேறு விதமாக வருகிறது.

தேடுபவர் என்ன தட்டுகிறார்

அப்பாவின் நினைவு நாளுக்கு அன்னதானம் செய்ய நினைக்கும் ஒருவர் கைப்பேசியில் ‘கண்ணீரில் தவிக்கும் உள்ளங்கள்’ என்று தேடமாட்டார். ஊர், இடம், செயல் இந்த மூன்றையும் ஏதோ ஒரு வரிசையில் தட்டுவார்: ‘திருச்சி முதியோர் இல்லம் நன்கொடை’, ‘முதியோர் இல்லத்தில் பிறந்த நாள் உணவு’. முதல் வரைவின் தலைப்பில் ஊர் இல்லை, முதியோர் என்ற சொல் இல்லை, உணவும் இல்லை. விவரிப்பில் ‘முதியவர்களின்’ என்று ஒருமுறை வருகிறது. அது தேடல் வரிசையில் உதவாது. விவரிப்புக் குறியீட்டை வரிசைப்படுத்தப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. பக்கத்தை மேலே கொண்டுவருவதில் தலைப்புக்கும் பக்கத்தின் உள்ளடக்கத்துக்கும் பங்குண்டு. மேலே வந்த பக்கத்தைத் தொட வைப்பதே விவரிப்பின் வேலை.

தலைப்பு திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுப்படும் என்பது இன்னொரு சிக்கல். ஆங்கிலத்தில் 55, 60 எழுத்து வரை முழுதாகத் தெரியும் என்பது பொதுவான கணக்கு. தமிழுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கணினி எண்ணும் எழுத்தும் நாம் எண்ணும் எழுத்தும் வேறு: ‘அறக்கட்டளை’ என்பது நமக்கு 7 எழுத்து, கணினிக்கு 10 குறியீடு. அதற்கு மேல் ‘ண’, ‘ஞ’ போன்றவை அகலமாக உட்காரும். எழுத்தை எண்ணிச் சொல்லும் கருவி பச்சை காட்டினாலும், கைப்பேசியில் ஒருமுறை திறந்து பார்ப்பதே நம்பகமான அளவு. முதல் வரைவு வெட்டுப்பட்டால் ‘உதவுங்கள்! கண்ணீரில் தவிக்கும்…’ என்று நிற்கும். அது எந்த ஊரின் எந்த இல்லத்துக்கும் பொருந்தும். இரண்டாவது வெட்டுப்பட்டாலும் ‘திருச்சி முதியோர் இல்லத்தில் ஒரு நாள்…’ என்பது மிஞ்சும். தேடியவருக்கு அது போதும்.

ஆனால் இரண்டாம் வரைவிலும் ஓட்டை உண்டு. தமிழில் நினைப்பவர் தமிழிலேயே தட்டுவார் என்று சொல்ல முடியாது. `old age home in trichy` என்றும் `annadhanam donation trichy` என்றும் தேடுபவர்களுக்குத் தமிழ் மட்டுமே உள்ள தலைப்பு எட்டுவது கடினம். தமிழ்த் தலைப்புக்குள் ஆங்கிலத்தைத் திணித்தால் இரண்டும் கெடும். திரையில் வெட்டுப்படும் இடமும் முன்னால் வந்துவிடும். ஆங்கிலத்துக்குத் தனிப் பக்கம் வைத்து, இரண்டையும் `hreflang` குறியீட்டால் இணைப்பதே சரியான வழி. ஆங்கிலப் பக்கத்தில் `Tiruchirappalli` என்று அரசு ஆவணத்தில் உள்ளபடி எழுதிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. மக்கள் தட்டுவது `Trichy`. தலைப்பில் அதுவும், முகவரியில் முழுப் பெயரும் இருந்தால் இரண்டு வகைத் தேடலுக்கும் பக்கம் அகப்படும்.

நாம் எழுதிய தலைப்பைக் கூகுள் அப்படியே காட்டும் என்ற உறுதியும் இல்லை. 2021 ஆகஸ்டில் தலைப்பை உருவாக்கும் முறையை மாற்றியதாக அது அறிவித்தது. தலைப்புக் குறியீட்டில் உள்ளது பக்கத்துக்குப் பொருந்தாததாகவோ வெறும் முழக்கமாகவோ தெரிந்தால், பக்கத்தில் உள்ள பெரிய தலைப்பிலிருந்து வேறொன்றை எடுத்துப் போடலாம். விவரிப்பும் அப்படித்தான், தேடிய சொல்லுக்கு நெருக்கமான வரி பக்கத்தில் வேறெங்கோ இருந்தால் அது காட்டப்படும். ஆகவே தலைப்பு, விவரிப்பு, பக்கத்தின் பெரிய தலைப்பு, முதல் பத்தி நான்கும் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டும். முதல் வரைவின் பக்கத்தில் முதல் பத்தியும் கண்ணீர் பற்றியே இருந்தால், கூகுள் பொறுக்கி எடுக்க ஒன்றும் கிடைக்காது.

நம்பிக்கை எங்கே பிடிக்கிறது, எங்கே நழுவுகிறது

தேடலில் கிடைத்த பக்கத்தைப் படிப்பவர் மனத்தில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: இவர்கள் உண்மையானவர்களா? அதைச் சோதிக்க விவரிப்பில் என்ன கைப்பிடி இருக்கிறது என்று இரண்டு வரைவுகளையும் கேட்டுப் பார்க்கலாம்.

‘உங்கள் ஒவ்வொரு ரூபாயும் ஓர் உயிரைக் காக்கும்’ என்பதைச் சரிபார்க்க வழியே இல்லை. ஒரு ரூபாய்க்கு இன்று ஒரு டீ கூட வராது என்பது படிப்பவருக்குத் தெரியும். ‘45 முதியோருக்கு மதிய உணவு ₹3,600’ என்பதை மனக்கணக்கிலேயே வகுத்துப் பார்க்கலாம். 80 ரூபாய் வருகிறது. ஒரு சாப்பாட்டுக்கு நியாயமான தொகை என்று மனம் ஒப்புகிறது. நம்பச் சொல்லிக் கேட்காமல் சரிபார்க்க இடம் கொடுக்கிறது அந்த எண். ‘நேரில் வந்து பரிமாறலாம்’ என்ற மூன்று சொல் அதைவிடப் பெரிய வேலை செய்கிறது. வருகிறவர்கள் சிலராகவே இருப்பார்கள். ஆனால் வரலாம் என்று கதவைத் திறந்து வைத்திருப்பதே மற்றவர்களுக்குப் போதுமான சான்று.

‘100% வரி விலக்கு’ என்பதில் முதல் வரைவு தெளிவாகச் சறுக்குகிறது. சாதாரண அறக்கட்டளைக்குத் தரும் நன்கொடையில் 80ஜி பிரிவின்படி கழிக்கக்கூடியது பாதித் தொகைதான். அதுவும் வருமானத்தின் 10 சதவீதத்தை ஒட்டிய வரம்புக்குள். 3,600 ரூபாய் தந்தவர் வரிக்கு உட்பட்ட வருமானத்திலிருந்து 1,800 ரூபாயைக் கழிக்கலாம். அவர் 20 சதவீத வரி அடுக்கில் இருந்தால் மிச்சமாகும் வரி 360 ரூபாயும், அதன்மேல் வரும் செஸ்ஸும். புதிய வரி முறையில் இருப்பவருக்கு இந்தச் சலுகை அறவே கிடையாது. அந்த முறைதான் இப்போது இயல்பாக அமைந்திருக்கிறது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தாலும் சலுகை இல்லை. தந்தவரின் பான் எண்ணோடு விவரத்தை அறக்கட்டளை வருமான வரித் துறையிடம் தாக்கல் செய்து, அதன்பின் கிடைக்கும் சான்றிதழைத் தர வேண்டும். 100% என்று படித்துப் பணம் அனுப்பியவர், கணக்குத் தாக்கல் செய்யும் மாதத்தில் தன் ஆடிட்டரிடமிருந்து உண்மையைத் தெரிந்துகொள்வார். அடுத்த ஆண்டு அவர் வரமாட்டார், மற்றவர்களுக்கும் சொல்லுவார்.

‘80G ரசீது உண்டு’ என்ற இரண்டாம் வரைவின் சொல் இதைவிடக் குறைவாகச் சொல்கிறது, ஆனால் சொன்னதில் நிற்கிறது. இங்கே தேடலுக்கும் ஒரு சேதி இருக்கிறது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆனால் நன்கொடையாளர் வாயில் இருப்பது இன்னும் 80ஜிதான். விவரிப்பில் மக்கள் சொல்லும் எண்ணை வைத்துக்கொண்டு, பதிவு எண்ணையும் நடப்புச் சட்டப் பிரிவையும் பக்கத்துக்குள் முழுதாக எழுதுவது நல்லது. நீளமான பதிவு எண்ணை விவரிப்பில் திணித்தால் பாதி இடம் போய்விடும். யாரும் அதை அங்கே படிக்கப்போவதில்லை.

இல்லத்தின் பெயர் இரண்டாம் வரைவில் இருக்கிறது, முதலாவதில் இல்லை. அன்பு, கருணை என்ற சொற்களில் தொடங்கும் இல்லங்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஊரும் பெயரும் சேர்ந்தால்தான் அடையாளம் முழுமையாகும். தலைப்பில் எழுதும் பெயர் வங்கிக் கணக்கில் உள்ள பெயராக இருக்க வேண்டும் என்பது இன்னும் முக்கியம். யுபிஐ செயலியில் பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயர் திரையில் தோன்றும். தலைப்பில் செல்லப் பெயர் ஒன்றைப் படித்துவிட்டு வந்தவர், அங்கே நீளமான வேறொரு அறக்கட்டளைப் பெயரைப் பார்த்தால் ஒரு கணம் தயங்குவார். தனி ஆளின் பெயரைப் பார்த்தால் செயலியை மூடிவிடுவார். வழங்கு பெயர் வேறு, பதிவுப் பெயர் வேறு என்றால் பக்கத்தின் முதல் பத்தியிலேயே இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

‘பெற்ற பிள்ளைகளால் கைவிடப்பட்ட’ என்ற தொடரையும் விட்டுவிட முடியாது. 45 பேரில் பிள்ளையே இல்லாதவர் இருப்பார், வெளிநாட்டில் உள்ள மகள் மாதாமாதம் பணம் அனுப்புகிறவர் இருப்பார், தானே விரும்பி வந்தவரும் இருப்பார். எல்லோரையும் ஒரே சொல்லில் கட்டினால் அது பொய்யாகிறது. நேரில் பரிமாற வரும் நன்கொடையாளர் ஒரு பாட்டியோடு பத்து நிமிடம் பேசினாலே அது தெரிந்துவிடும். இதே தொடரைக் குழந்தைகள் இல்லத்துக்கு எழுதி, படமும் பெயரும் போட்டால் சட்டச் சிக்கலே வரும்: பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது.

உருக்கத்தின் பக்கம் உள்ள நியாயம்

இவ்வளவும் சொன்ன பிறகு முதல் வரைவைக் குப்பையில் போட்டுவிடலாம் என்று தோன்றும். அது அவசரமான தீர்ப்பு. எண்கள் மட்டும் கையை நீட்ட வைக்காது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களுக்கு 5 டாலர் தந்து, அதிலிருந்து விருப்பப்பட்டதைத் தானமாகத் தரலாம் என்றார்கள். மாலி நாட்டின் ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் தந்தார்கள். ஆப்பிரிக்கப் பட்டினி பற்றிய புள்ளிவிவரத்தைப் படித்தவர்கள் 1.14 டாலர் தந்தார்கள். சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது 1.43 டாலருக்கு இறங்கியது.

இதைப் படித்துவிட்டு முதல் வரைவே சரி என்று சொல்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆய்வில் வென்றது ஓர் ஆள். முதல் வரைவில் ஆளே இல்லை. ‘தவிக்கும் உள்ளங்கள்’ முகமில்லாத கூட்டம். தோற்ற எண்களும் லட்சக்கணக்கில் மலைக்க வைப்பவை. தந்தால் தீராது என்ற எண்ணத்தைத் தருபவை. 45 பேர், ஒரு நாள், ஒரு பந்தி என்பது ஒருவர் தன் கையால் முழுதாக முடிக்கக்கூடிய அளவு. அதை அந்த வகை எண்ணோடு சேர்க்க முடியாது. ஆகவே ஆய்வு இரண்டாம் வரைவுக்கு எதிராகச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இதில் ஒரு மனிதர் இல்லை.

அந்த மனிதரை வைக்க இடம் வாட்ஸாப். அங்கே யாரும் தேடி வருவதில்லை. அத்தையோ பழைய வகுப்புத் தோழரோ அனுப்புகிறார். அனுப்பியவர் மேல் உள்ள நம்பிக்கை ஏற்கெனவே இருக்கிறது, ஊரும் பெயரும் தேடலுக்காக முன்னால் நிற்க வேண்டியதில்லை. வாட்ஸாப் தன் முன்னோட்டத்துக்கு `og:title`, `og:description` என்ற தனிக் குறியீடுகளைப் படிக்கிறது. தேடலுக்கு ஒரு விவரிப்பும் பகிர்வுக்கு வேறொன்றும் எழுதலாம். இரண்டும் ஒரே உண்மையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாம் வரைவின் தனிக் குறைகள்

விலையைத் தலைப்பில் வைத்தது இரண்டாம் வரைவின் பெரிய பிழை. அரிசியும் எண்ணெயும் ஏறினால் 3,600 ரூபாய் 4,050 ஆகும். பக்கத்தில் உடனே மாற்றலாம். கூகுள் பழைய தலைப்பைச் சில நாள் காட்டிக்கொண்டிருக்கும், ஏற்கெனவே அனுப்பப்பட்ட வாட்ஸாப் முன்னோட்டம் மாறவே மாறாது. 3,600 என்று படித்து வந்தவரிடம் 4,050 கேட்டால் ஏமாற்றியதாக நினைப்பார். தொகை விவரிப்பில் இருக்கட்டும், தலைப்பில் வேண்டாம்.

அடுத்தது, தலைப்பு ஒரு வாக்குறுதி என்பது. ஒரு நாள் மதிய உணவு என்று கேட்டு வாங்கிய பணத்தை அதற்குத்தான் செலவிட வேண்டும். ஆங்கிலப் புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் ஒரே பந்திக்கு ஐந்து பேர் பணம் அனுப்புவார்கள். ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு யாரும் இருக்கமாட்டார்கள். ‘அந்த நாள் நிறைந்திருந்தால் அடுத்து காலியாக உள்ள நாளுக்கு ஏற்போம்’ என்ற வரி பக்கத்தின் மேல்பகுதியிலேயே இருக்க வேண்டும். இரவுப் பணியாளர் சம்பளமும் மருந்துச் செலவும்தான் இல்லத்தை அழுத்துகிறது என்றால், அதற்குத் தனிப் பக்கமும் தனித் தலைப்பும் வேண்டும். உணவுக்கு என்று வாங்கி மருந்துக்குத் திருப்புவது நல்ல நோக்கத்தில் செய்தாலும் நம்பிக்கைக் கேடு.

மூன்றாவது, எல்லை தாண்டி வரும் பணம். டொரான்டோவிலும் லண்டனிலும் உள்ளவர்கள் ஊர்ப்பெயரைப் போட்டுத் தேடுவார்கள். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. கனடாவின் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர் அனுப்பினால் கருதப்படும். எஃப்சிஆர்ஏ பதிவும், டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்றே ஒரு கணக்கும் இல்லாமல் வாங்கக் கூடாது. அந்தப் பதிவு இல்லாத இல்லம் ஆங்கிலப் பக்கத்தின் விவரிப்பிலேயே ‘இந்தியக் குடிமக்களிடமிருந்து மட்டும்’ என்று எழுதிவிடுவது நல்லது. வந்த பணத்தைத் திருப்பி அனுப்பும் தொல்லையைவிட வராமல் தடுப்பது எளிது.

சேர்த்து எழுதினால்

தேடலுக்கு இரண்டாம் வரைவைத் திருத்தியும், பகிர்வுக்கு முதல் வரைவு தேடிய உருக்கத்தை ஓர் ஆளின் வழியாகவும் எழுதினால் இப்படி அமையும்:

```html
<title>முதியோருக்கு ஒரு நாள் மதிய உணவு, திருச்சி | இல்லத்தின் பெயர்</title>
<meta name="description" content="பிறந்த நாள், நினைவு நாளில் 45 முதியோருக்கு மதிய உணவு தரலாம். ₹3,600 அல்லது இயன்ற பகுதி. 80G ரசீது உண்டு. நேரில் வந்து பரிமாறலாம்.">
<meta property="og:title" content="இவரோடு 44 பேருக்கு ஒரு நாள் சாப்பாடு">
<meta property="og:description" content="பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் 30 ஆண்டு சமைத்த பாட்டி இன்று எங்கள் பந்தியில். திருச்சி முதியோர் இல்லம்.">
```

பாட்டியின் பெயர் இதில் இல்லை. அவர் செய்த வேலை இருக்கிறது. அதையும் அவர் சம்மதத்தோடுதான் எழுத வேண்டும். பரிதாபத்துக்கு உரியவராக அல்லாமல், ஊருக்குச் சமைத்தவராக அவர் தெரிகிறார். படிப்பவர் நேரில் வந்தால் சந்திக்கவும் முடியும்.

வெளியிட்டபின் கூகுளின் சர்ச் கன்சோலில் செயல்பாட்டு அறிக்கையைச் சில வாரம் கழித்துப் பார்க்க வேண்டும். என்ன தட்டியவர்களுக்குப் பக்கம் காட்டப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் தொட்டார்கள் என்பது அதில் தெரியும். ஊரையும் முதியோர் இல்லத்தையும் சேர்த்துத் தேடியவர்களுக்குப் பக்கம் காட்டப்படவே இல்லையென்றால் குறை பெரும்பாலும் தலைப்பிலும் பக்கத்தின் உள்ளடக்கத்திலும் இருக்கும். மேல்வரிசையில் காட்டப்பட்டும் தொடாமல் போனால் விவரிப்பைத் திருத்த வேண்டும். தொட்டு வந்தவர்கள் பணம் தராமல் திரும்பினால், முன்னே சொன்னதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். யுபிஐயில் தெரியும் பெயரிலிருந்து சோதனையைத் தொடங்கலாம்.

இரண்டு வரைவுகளையும் ஒப்பிட்டதில் நிற்கும் முடிவு இது. ஊர், யாருக்கு, என்ன, எவ்வளவு, யார் கேட்கிறார்கள் என்ற ஐந்தும் தேடுபவர் தட்டும் சொற்களுக்கும் சந்தேகப்படுபவர் சரிபார்க்கும் விவரங்களுக்கும் பொதுவானவை. முதல் வரைவு அந்த ஐந்தில் நான்கை அறவே விட்டதால் தேடலிலும் தோற்றது, நம்பிக்கையிலும் தோற்றது. உருக்கம் அதற்குக் காரணமில்லை. யாருடைய கண்ணீர் என்று சொல்லாமல் விட்டதுதான் காரணம்.